டெபாசிட்ட வாடகைல கழிச்சா ஜிஎஸ்டி என்ன ஆகும்? கடை வாடகை இன்வாய்ஸ் பத்தி அடிக்கடி வர்ற கேள்விகள்

வாடகைக்காரர் கடைசி மாச வாடகைய டெபாசிட்லயே கழிச்சுக்கங்கன்னு சொல்றாரு. கைக்கு பணமே வரலையே, அந்த மாசத்துக்கும் ஜிஎஸ்டி கட்டணுமா?

கட்டணும், அதுவும் முழு வாடகைக்கும். சிங்கப்பூர்ல தேக்கா பக்கம் ஒன்னு ரெண்டு கடைவீடு வச்சிருக்கற ஓனர்களுக்கு ரொம்ப வருஷமா கணக்கு எழுதிட்டு இருக்கேன், எங்கிட்ட அதிகமா வர்ற கேள்வி இதுதான், பாதி பேரு தப்பா போட்டு முடிச்சுட்டு தான் கேக்கவே வர்றாங்க. அவங்க யோசிக்கறது இப்படி: டெபாசிட் வாங்கும்போது வரி போடல, இப்பவும் அதே பழைய பணம் தான, புதுசா ஒன்னும் வரலையே, அப்புறம் எங்கேர்ந்து வரி.

டெபாசிட் வாங்கும்போது ஏன் வரி இல்லன்னு பாத்தா இதுக்கும் பதில் கெடச்சுரும். அந்தப் பணம் எதுக்கும் விலை இல்ல. அது வாடகைக்காரரோட பணம், உங்ககிட்ட குடுத்து வச்சிருக்காரு, திருப்பிக் குடுக்கணும், அவ்ளோதான். ஆனா "இத ஜூன் மாச வாடகைக்கு எடுத்துக்கறேன்"னு முடிவு பண்ண அன்னிக்கே அது வாடகையா மாறிடுது. அவர் பேநவ்ல அனுப்பிருந்தா எப்படியோ அப்படித்தான் இதுவும். பணம் ஏற்கனவே உங்க பேங்க்ல கெடக்கறதால கண்ணுக்கு ஒன்னும் நடந்த மாதிரி தெரியாது, ஏமாற்றதே அதுதான்.

இது எல்லாமே நீங்க ஜிஎஸ்டி பதிவு பண்ணவரா இருந்தா மட்டும். இல்லன்னா அடுத்த கேள்விய பாருங்க.

எனக்கு ஒரே ஒரு கடை தான். நான் ஜிஎஸ்டி போடலாமா, போடக்கூடாதா?

பதிவு பண்ணலன்னா போடவே கூடாது. பதிவு இல்லாம ஜிஎஸ்டின்னு ஒரு காசு வசூல் பண்ணாலும் அது குற்றம். வரி விதிக்கக்கூடிய வருமானம் வருஷத்துக்கு 10 லட்சம் வெள்ளிய தாண்டினா பதிவு கட்டாயம், ஒரு கடை வாடகை மட்டும்னா அந்தக் கிட்டக்கூட போகாது, மாசம் 6,000 வெள்ளின்னாலும் வருஷத்துக்கு 72,000 தான்.

ஆனா ஒரு இடத்துல நிறைய பேரு வழுக்கி விழறாங்க. பதிவு கடைக்கு இல்ல, ஆளுக்கு. நான் கணக்கு பாக்கற ஒரு அம்மா தன் பேர்ல கேட்டரிங் தொழில் பண்றாங்க, தனி உரிமையாளர், கம்பெனி கெடையாது, வருமானம் பெருசா இருக்கறதால ஜிஎஸ்டி பதிவு பண்ணிருக்காங்க. டன்லப் ஸ்ட்ரீட்ல அவங்க கணவர் விட்டுட்டுப் போன கடைவீடும் அவங்க பேர்ல தான் இருக்கு. "கேட்டரிங் வேற, கடை வேறப்பா"ன்னு ரொம்ப நாளா வாடகைக்கு வரி போடாமயே ஓட்டிட்டு இருந்தாங்க. ரெண்டும் ஒரே ஆளு, அதனால கடை வாடகைக்கும் வரி உண்டு. அதுவே கேட்டரிங் தனியா ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியா இருந்து கடை மட்டும் அவங்க பேர்ல இருந்திருந்தா கதையே வேற, கம்பெனி ஒரு ஆளு, அவங்க இன்னொரு ஆளு.

கீழ வர்ற எல்லா கணக்கும் இந்த அம்மாவோட கடைல நடந்தது தான், புரியறதுக்காக தொகைய மட்டும் கொஞ்சம் மாத்திருக்கேன். வாடகைக்கு இருக்கறது ஒரு தையல் கடை, அது கம்பெனி, அதுவும் ஜிஎஸ்டி பதிவு பண்ணது.

சாதாரண மாசத்துல இன்வாய்ஸ் எப்படி இருக்கணும்?

2023 ஜூலைல மாசம் 5,400 வெள்ளிக்கு ரெண்டு வருஷ ஒப்பந்தம், டெபாசிட் ரெண்டு மாச வாடகை 10,800. 2025 ஜூலைல ஒரு வருஷம் நீட்டிச்சாங்க, வாடகை 5,700 ஆச்சு. கரண்ட் மீட்டர் அந்த அம்மா பேர்ல, தையல் கடை ஓட்டின கரண்டுக்கு அவங்ககிட்ட வாங்கிக்கணும். டெபாசிட்டும் ரெண்டு மாச வாடகையா இருக்கணும்னு ஒப்பந்தத்துல இருந்ததால இன்னும் 600 வெள்ளி கட்டி 11,400 ஆக்கணும். ஆக 2025 ஜூலை இன்வாய்ஸ்ல மூணு விஷயம் ஒன்னா வந்துச்சு:

ஜூலை 2025 வாடகை: 5,700.00
கரண்ட் (ஜூன் மீட்டர் கணக்குப்படி): 62.00
வரி போடற தொகை: 5,762.00
ஜிஎஸ்டி 9%: 518.58
வரியோட சேத்து: 6,280.58
கூடுதல் டெபாசிட், வரி இல்ல: 600.00
கட்ட வேண்டியது: 6,880.58

வரிசைய கொஞ்சம் கவனிங்க. டெபாசிட் 600 ஜிஎஸ்டி கோட்டுக்கு கீழ தான் வருது. மேல வாடகையோட சேத்து எழுதிட்டா சாஃப்ட்வேர் கண்ண மூடிட்டு அதுக்கும் 9% போட்ரும், 54 வெள்ளி தேவையில்லாம ஏறும். என்னக் கேட்டா டெபாசிட்ட இன்வாய்ஸ்லயே போடாம தனியா ஒரு கடிதமோ ரசீதோ குடுத்துடறது தான் நல்லது, ஆனா ஒரே பேப்பர்ல இருந்தா ஒரே தடவ பணம் அனுப்பிடலாம்னு வாடகைக்காரங்க கேப்பாங்க, அதுவும் நியாயம் தான், கோட்டுக்கு கீழ இருந்தா போதும்.

பேப்பர்ல என்னென்ன இருக்கணும்னா, தலைப்புல `Tax Invoice`னு இருக்கணும் (பதிவு இல்லாதவங்க வெறும் `Invoice`), வரிசை நம்பர், தேதி, உங்க பேரு, முகவரி, ஜிஎஸ்டி பதிவு எண், வாடகைக்காரர் பேரும் முகவரியும், எதுக்கான பணம், வரி இல்லாத தொகை, வரி எவ்ளோ சதவீதம், வரித் தொகை தனியா, மொத்தம். வரியோட சேத்து 1,000 வெள்ளிக்கு மேல போகாட்டி சுருக்கமான இன்வாய்ஸ் போதும், ஆனா கடை வாடகைல அந்த வாய்ப்பு எங்க வருது.

கரண்ட் பில்லே வரியோட தான் வருது. நான் அத அப்படியே வாங்கினா போதாதா, எதுக்கு மறுபடி 9%?

பில்லுல இருந்தது 67.58 வெள்ளி, அதுல 62.00 கரண்ட், 5.58 ஜிஎஸ்டி. மீட்டர் உங்க பேர்ல இருக்கு, கரண்ட வாங்கினது நீங்க, அத வாடகைக்காரருக்கு திருப்பி விக்கற மாதிரி தான் கணக்கு. அதனால பில்லுல இருந்த 5.58ஐ நீங்க உங்க ஜிஎஸ்டி கணக்குல திருப்பி எடுத்துக்கறீங்க, வாடகைக்காரர்கிட்ட 62க்கு 9% போட்டு அதே 67.58 வாங்கறீங்க. ஒரு காசு கூடவும் இல்ல கொறையவும் இல்ல.

தப்பு எங்க நடக்குதுன்னா 67.58ஐயே விலையா வச்சு அது மேல 9% போட்ருவாங்க. 73.66 ஆயிடும். மாசம் ஆறு வெள்ளி தானன்னு தோணும், ஆனா ஒப்பந்தத்துல "ஆன செலவுக்கு மட்டும்"னு எழுதிருந்தா வாடகைக்காரரோட கணக்காளர் ஒரு நாள் பழைய பில்லு எல்லாத்தையும் எடுத்து வச்சுக்கிட்டு ஃபோன் பண்ணுவாரு. எனக்கு ஒரு தடவ அப்படி வந்துச்சு, ஒன்றரை வருஷ பில்லு.

நீங்க பதிவு பண்ணாதவர்னா 67.58னு ஒரே தொகையா எழுதுங்க, அதுக்குள்ள இருக்கற 5.58ஐ ஜிஎஸ்டின்னு பிரிச்சுக் காட்டக்கூடாது, அது உங்களோட செலவு தான். மீட்டர் வாடகைக்காரர் பேர்லயே இருந்தா இந்தத் தொல்லை எதுவும் இல்ல, பில்லு நேரா அவருக்கே போயிரும். புது ஒப்பந்தம் போடறவங்க முடிஞ்சா அப்படிப் பண்ணிக்கங்க.

ஜூலை வாடகைக்கு ஜூன் 25ஆம் தேதியே இன்வாய்ஸ் அனுப்பிடறேன். வரி எந்தக் காலாண்டுக்கு?

இன்வாய்ஸ் தேதியா பணம் வந்த தேதியா, எது முன்னாடியோ அது தான் கணக்கு, எந்த மாசத்து வாடகைங்கறது இல்ல. ஜூன் 25 இன்வாய்ஸ்னா ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குமான காலாண்டுல வரும், ஜூலை 31க்குள்ள தாக்கல் பண்ணி கட்டணும், வாடகைக்காரர் ஆகஸ்ட்ல தான் பணம் தருவேன்னு இழுத்தாலும் சரி. இழுத்தடிக்கற வாடகைக்காரர் இருந்தா இன்வாய்ஸ ஜூலை 1ஆம் தேதி போடுங்க, அதே வரி அக்டோபர் 31க்கு தள்ளிப் போகும்.

ஆரம்பத்துல டெபாசிட்டுக்கும் சேத்து ஜிஎஸ்டி போட்டுட்டேன். இப்ப என்ன பண்றது?

இந்த அம்மா கடைலயும் இது நடந்துச்சு. 2023ல வரி 8%, 10,800க்கு 864 வெள்ளி வாங்கி, ஜிஎஸ்டி கணக்குல கட்டியும் விட்டாச்சு, தையல் கடைக்காரங்களும் அத உள்வரின்னு திருப்பி எடுத்துட்டாங்க. யாருக்கும் நஷ்டம் இல்லையேன்னு விட்ரத் தோணும். ஆனா விட்டா கடைசில டெபாசிட் திருப்பித் தரும்போது 10,800 தரணுமா 11,664 தரணுமான்னு பெரிய கொழப்பமாயிடும், கணக்கு எழுதறவர் நடுவுல மாறிட்டா அவ்ளோதான், ஒருத்தருக்கும் எதுவும் புரியாது.

அந்த 864க்கு ஒரு `Credit Note` போட்டு, பழைய இன்வாய்ஸ் நம்பர அதுல எழுதி, அந்தப் பணத்த திருப்பிக் குடுத்துருங்க. அடுத்த ஜிஎஸ்டி தாக்கல்ல உங்க பக்கம் கொறையும், அவங்க பக்கம் எடுத்தத திருப்பிக் கட்டுவாங்க. இதுல வரிய மட்டும் தான் சரி பண்றோம், 10,800 டெபாசிட் அப்படியே இருக்கும்.

இதையே தலைகீழாவும் பண்றவங்க இருக்காங்க, ஒழுங்கா வரி போடாம வாங்கின டெபாசிட்ட கடைசில திருப்பித் தரும்போது ஜிஎஸ்டியோட கிரெடிட் நோட் போட்டுடறது. விக்காத பொருளுக்கு எதுக்கு கிரெடிட் நோட்? டெபாசிட் திரும்பிப் போக ஒரு ரசீது போதும்.

சரி, கடைசி மாசக் கணக்க முழுசா போட்டுக் காட்டுங்களேன்.

தையல் கடை ஒப்பந்தம் 2026 ஜூன் 30 முடியுது. மே மாசக் கடைசில தையல் கடை நடத்தற அண்ணன் அம்மாவுக்கு வாட்ஸ்அப் பண்ணாரு, "அம்மா, ஜூன் வாடகைய டெபாசிட்ல எடுத்துக்கங்க, மிச்சத்த சாவி குடுக்கும்போது தாங்க"ன்னு. அம்மா சரின்னுட்டாங்க. (சரின்னு சொல்லணும்னு கட்டாயம் எதுவும் இல்ல. டெபாசிட் இருக்கறதே கடைசில செவுத்தையும் கதவையும் பாத்துட்டு குடுக்கறதுக்குத் தான், வாடகைலயே கரைஞ்சுட்டா ஒடஞ்சதுக்கு எங்க போறது. அந்த அம்மா ரெண்டு மாச டெபாசிட்ல ஒரு மாசத்த தான் விட்டுக் குடுத்தாங்க, அதனால பரவால்ல.)

அப்புறம் அம்மாவோட பையன் அவசரமா ஒரு இன்வாய்ஸ் அடிச்சு எனக்கு அனுப்பினான். வாடகை 5,700, கழிவு டெபாசிட் 5,700, பாக்கி சைபர், ஜிஎஸ்டி 9% சைபர். பாக்க எவ்ளோ அழகா இருந்துச்சு தெரியுமா. அதுல தான் 513 வெள்ளி காணாம போச்சு.

சரியான இன்வாய்ஸ்ல ஜூன் 1 தேதி போட்டு, வாடகை 5,700.00, ஜிஎஸ்டி 513.00, மொத்தம் 6,213.00, இது வரைக்கும் மத்த மாசம் மாதிரியே தான். மொத்தத்துக்கு கீழ "டெபாசிட்லேர்ந்து எடுத்தது 6,213.00", அதுக்கு கீழ "கட்ட வேண்டியது 0.00". டெபாசிட்லேர்ந்து போறது 5,700 இல்ல, 6,213, வரியும் வாடகைக்காரர் தர வேண்டியது தான, அதையும் அங்கேர்ந்தே எடுக்கணும். இல்லன்னா 513ஐ தனியா அனுப்பச் சொல்லுங்க, எதுன்னாலும் சரி, ஆனா ஜிஎஸ்டி கோடு எப்பவும் கழிவுக்கு மேல தான் வரணும்.

அந்த 513 ஏப்ரல் முதல் ஜூன் காலாண்டுல வருது, ஜூலை 31க்குள்ள அம்மா தன் கைலேர்ந்து கட்டணும். டெபாசிட் பணத்த எப்பவோ செலவு பண்ணிட்ட ஓனருங்க இங்க தான் முழிப்பாங்க, வராத வாடகைக்கு கையிலேர்ந்து வரி கட்டற மாதிரி இருக்கும், உண்மைல அந்த வாடகை ரெண்டு மூணு வருஷம் முன்னாடியே வந்து செலவாயிடுச்சு.

தையல் கடைக்கும் இந்த இன்வாய்ஸ் வேணும். பணம் கை மாறலன்னாலும் 513ஐ அவங்க உள்வரின்னு எடுத்துக்கலாம், ஆனா `Tax Invoice` இருந்தா தான். பையன் அனுப்பின சைபர் இன்வாய்ஸ வச்சு அவங்களால ஒன்னும் எடுக்க முடியாது. அதனால இத ஓனருக்கு மட்டும் வந்த தலவலின்னு நினைக்காதீங்க, பதிவு பண்ண வாடகைக்காரரா இருந்தா அவரே சரியா போடச் சொல்லிக் கேப்பாரு.

கதவு ஒடஞ்சிருக்கு, செவுத்துல ஓட்ட. அதுக்கும் டெபாசிட்ல கழிச்சா ஜிஎஸ்டி உண்டா?

சேதத்துக்கு நஷ்டஈடா எடுக்கறதுக்கு ஜிஎஸ்டி இல்ல. நீங்க அவருக்கு எதையும் விக்கல, எந்த வேலையும் செஞ்சு குடுக்கல, உங்க பொருள ஒடச்சதுக்கு ஈடு வாங்கறீங்க, அவ்ளோதான். இதுக்கு `Tax Invoice` போடாதீங்க, கணக்கு காட்டற ஒரு கடிதம் போதும், ஃபோட்டோவும் ரிப்பேர் பில்லும் சேத்து.

தையல் கடை விஷயத்துல முன்பக்கக் கண்ணாடிக் கதவு விரிசல் விட்டிருந்துச்சு, போர்டு மாட்டின ஓட்டைகள் வேற. ரிப்பேர்க்காரர் பில்லு 926.50, அதுல 850 வேலை, 76.50 ஜிஎஸ்டி. அம்மா பதிவு பண்ணவங்க, கடையும் வரி போடற வாடகைக்கு விடற கடை, அதனால 76.50ஐ அவங்க திருப்பி எடுத்துக்க முடியும். உண்மையான நஷ்டம் 850 தான், அதனால 850 மட்டும் கழிக்கச் சொன்னேன். பையன் 926.50 கழிக்கணும்னு நின்னான், "பில்லுல அப்படித்தான இருக்கு"ன்னு. திருப்பி வரப்போற பணத்த வாடகைக்காரர்கிட்டயும் வாங்கினா அது ரெண்டு தடவ வாங்கறது இல்லையா. பதிவு பண்ணாத ஓனரா இருந்தா 926.50 கழிக்கறது நியாயம், அவருக்கு அது திரும்பி வராது.

அப்ப கடைசிக் கணக்கு: டெபாசிட் 11,400, ஜூன் வாடகை வரியோட 6,213, மிச்சம் 5,187, சேதம் 850, திருப்பித் தர்றது 4,337 வெள்ளி. இத ஒரே பக்கத்துல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுட்டாங்க, பணம் அன்னிக்கே பேநவ்ல போயிடுச்சு.

ஒன்னு மட்டும் ஜாக்கிரதை. வாடகைக்காரரே வந்து "நான் போனப்புறம் தடுப்பு எல்லாத்தையும் நீங்களே எடுத்து சுத்தம் பண்ணிக் குடுங்க, காசு தர்றேன்"னு கேட்டு நீங்க ஒத்துக்கிட்டா அது நஷ்டஈடு இல்ல, அவருக்கு நீங்க செஞ்சு குடுக்கற வேலை, அதுக்கு வரி போடணும். ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட மாதிரி இருந்தா ஒப்பந்த வாசகத்த எடுத்துக்கிட்டு உங்க கணக்காளர்கிட்ட போங்க, பேர் என்ன வச்சிருக்கோம்னு பாக்க மாட்டாங்க, என்ன நடந்துச்சுன்னு தான் பாப்பாங்க.

வாடகைக்காரர் பாதில ஓடிட்டாரு, டெபாசிட்ட பறிமுதல் பண்ணிட்டேன். இப்ப?

"பறிமுதல்"னு ஒரே வார்த்தைல ரெண்டு வேற வேற விஷயத்த மூடி வைக்காதீங்க. ஒப்பந்தத்த முறிச்சதுக்கு நஷ்டஈடா எடுத்துக்கிட்ட பாகத்துக்கு ஜிஎஸ்டி இல்ல. ஆனா அவர் ஓடறதுக்கு முன்னாடி ரெண்டு மாச வாடகை பாக்கி வச்சிருந்தாருன்னா, அதுக்குன்னு எடுத்த பாகம் வாடகை. அந்த ரெண்டு மாசத்துக்கும் நீங்க ஏற்கனவே இன்வாய்ஸ் போட்டு வரி கட்டிருப்பீங்க, அப்படின்னா புதுசா ஒன்னும் இல்ல, பாக்கிய டெபாசிட்லேர்ந்து நிரப்பறீங்க, அவ்ளோதான். இன்வாய்ஸே போடாம விட்டிருந்தா தான் இப்ப போடணும். எது எவ்ளோன்னு அன்னிக்கே எழுதி வைங்க, ஆறு மாசம் கழிச்சு நினைவுலேர்ந்து பிரிக்க முடியாது. ஆவணங்கள அஞ்சு வருஷம் வச்சிருக்கணும்.

ஒப்பந்தத்துல "மாதம் 5,700 வெள்ளி"ன்னு மட்டும் இருக்கு, ஜிஎஸ்டி பத்தி பேச்சே இல்ல.

இது வம்பு. வாடகைக்காரர் "5,700னா 5,700 தான்"னு பிடிவாதமா நின்னு அத மட்டுமே அனுப்பினா, வரி அதுக்குள்ளேர்ந்து தான் போகும்: 5,700ல 109ல 9 பங்கு, 470.64 வெள்ளி, உங்க கைல நிக்கறது 5,229.36. மாசாமாசம். புது ஒப்பந்தத்துல "ஜிஎஸ்டி தனி, அப்போதைய சதவீதத்துல"ன்னு ஒரு வரி எழுதிக்கங்க. இன்னிக்கு பதிவு பண்ணாதவங்களும் எழுதி வைங்க, நாளைக்கு பதிவு பண்ண வேண்டி வரலாம்.

அந்த "அப்போதைய சதவீதம்" ஏன்னா 2023ல 8%, 2024 ஜனவரி 1லேர்ந்து 9%, ஒரே ஒப்பந்தத்துக்கு நடுவுலயே மாறிடுச்சு. அந்த ஜனவரில நானே ஒரு ஓனருக்கு பழைய எக்செல்ல திறந்து மாசத்த மட்டும் மாத்தி அனுப்பிட்டேன், 8 அப்படியே உள்ள உக்காந்திருக்கு, பிப்ரவரி கடைசில தான் கண்ணுல பட்டுச்சு. அதுலேர்ந்து சதவீதத்த ஃபார்முலாக்குள்ள எழுதறதே இல்ல, தனியா ஒரு கட்டத்துல மேலயே தெரியற மாதிரி வைக்கிறேன். B1ல 9%, B4ல வாடகை, B5ல கரண்ட், B8ல டெபாசிட்:

```
B6: =ROUND((B4+B5)*B1,2)
B7: =B4+B5+B6
B9: =B7+B8
```

டெபாசிட் கூட்டறதா இருந்தா B8ல 600, கழிக்கறதா இருந்தா -6213. அது B6 பக்கமே போகாது.

கீழ கடை, மேல வீடு, ஒரே வாடகைக்கு விட்டிருக்கேன்.

குடியிருக்க அனுமதி உள்ள பாகத்தோட வாடகைக்கு வரி இல்ல, கடைக்கு உண்டு. மொத்த வாடகைய நியாயமான அளவுல, பரப்பளவு வச்சோ சந்தை வாடகை வச்சோ பிரிச்சு தனித்தனியா எழுதுங்க. மேல கட்டில் பீரோ ஏசி எல்லாம் போட்டு விட்டிருந்தா அந்தச் சாமானுக்கான பங்குக்கு வரி உண்டு. டெபாசிட்ட வாடகைல கழிச்சாலும் இதே தான், கடைப் பங்குக்கு வரி, வீட்டுப் பங்குக்கு இல்ல.

ஒப்பந்தத்த நீட்டிச்சா முத்திரை வரி டெபாசிட்டுக்கும் சேத்தா?

இல்ல, திருப்பித் தர்ற டெபாசிட்டும் ஜிஎஸ்டியும் அதுல சேராது. நாலு வருஷத்துக்கு உள்ளன்னா மொத்த வாடகைல 0.4%, தையல் கடை ஒரு வருஷ நீட்டிப்புக்கு 68,400ல சுமார் 273 வெள்ளி. சிங்கப்பூர்ல கையெழுத்து போட்டா 14 நாளுக்குள்ள, வழக்கமா வாடகைக்காரர் தான் கட்டுவாரு. ஆனா சர்வீஸ் சார்ஜ், பராமரிப்புக் கட்டணம் மாதிரி வாடகையோட வாங்கறது எல்லாம் அந்த "மொத்த வாடகை"ல சேரும், அத மறந்துட்டு வெறும் வாடகைக்கு மட்டும் கட்டிட்டு வர்றவங்க உண்டு.

சொத்து வரிய வாடகைக்காரர்கிட்ட வாங்கிக்கலாமா, அதுக்கு மேலயும் ஜிஎஸ்டியா?

ஒப்பந்தத்துல இருந்தா வாங்கலாம். சொத்து வரி சட்டப்படி ஓனர் கட்ட வேண்டியது, வீடு இல்லாத கட்டடத்துக்கு ஆண்டு மதிப்புல 10%. அத வாடகைக்காரர் தலைல வச்சீங்கன்னா அவரப் பொறுத்த வரைக்கும் அதுவும் கடைய வச்சிருக்கறதுக்குக் குடுக்கற பணம் தான், வாடகை மாதிரியே 9% உண்டு. "வரிக்கு மேல வரியா"ன்னு சண்டைக்கு வருவாங்க, வரட்டும், சொத்து வரி உங்க செலவு, நீங்க அத விலைல ஏத்திருக்கீங்க. இன்வாய்ஸ்ல இது ஜிஎஸ்டி கோட்டுக்கு மேல எழுத வேண்டியது, டெபாசிட் பக்கத்துல கொண்டு போய் ஒளிச்சு வைக்காதீங்க.